மதிப்பீட்டுத் தாளில் இல்லாத 31 மணி நேரம்

நான் இணையதளங்கள் செய்து கொடுக்கும் ஃப்ரீலான்ஸர். முதல் சில வருடங்கள் மணிக் கணக்கில்தான் வேலை செய்தேன். செய்த நேரத்தைக் குறித்து வைப்பேன், மாதக் கடைசியில் கூட்டி இன்வாய்ஸ் அனுப்புவேன், பணம் வந்துவிடும். பிறகு ஒரு பயிற்சி நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். "மணிக் கணக்கெல்லாம் எங்கள் அக்கவுண்ட்ஸுக்கு ஒத்துவராது. மொத்தமாக ஒரு தொகை சொல்லிவிடுங்கள்" என்றார்கள். சொன்னேன். அந்த ஒரு கொட்டேஷனில் எங்கே தவறினேன், அடுத்த கொட்டேஷனை எப்படிப் போட்டேன் என்பதைக் கணக்கோடு எழுதி வைக்கிறேன். மணி விலையிலிருந்து மொத்த விலைக்கு முதல்முறை மாறுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது இதே இடத்தில்தான்.

இந்தப் பதிவு முழுக்க என் மணி விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். எந்த நாணயம் என்பது முக்கியமில்லை, விகிதம்தான் கணக்கு.

வேலை இதுதான்: எட்டுப் பக்கங்கள் கொண்ட புதிய தளம், பயிற்சிக்குப் பெயர் பதிய ஒரு படிவம், பழைய தளத்தில் கிடந்த 140 கட்டுரைகளைப் புதியதற்கு மாற்றுவது. நான் உட்கார்ந்து எழுதிய மதிப்பீடு: வடிவமைப்பு 12 மணி நேரம், பக்கங்களைக் கட்டுவது 16, படிவம் 6, கட்டுரைகளை மாற்றுவது 4, தளத்தை வெளியிடுவது 2. மொத்தம் 40. நூறால் பெருக்கினேன், 4000. அனுப்பிவிட்டேன். அன்றே ஒப்புக்கொண்டார்கள்.

மணிக் கணக்குக் காலத்துப் பழக்கம் விடவில்லை என்பதால் இந்த வேலைக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன். முடிந்தபோது கூட்டிப் பார்த்தால் 71 மணி நேரம். 4000ஐ 71ஆல் வகுத்தால் மணிக்கு 56. என் விலையில் பாதிக்குச் சற்று மேல்.

முதலில் எனக்குத் தோன்றியது, நான் மெதுவாக வேலை செய்திருக்கிறேன் என்பதுதான். ஆனால் குறிப்பேட்டை வரி வரியாகப் பிரித்தபோது வேறு படம் கிடைத்தது. மதிப்பீட்டில் எழுதிய ஐந்து வேலைகளும் சேர்ந்து 40க்குப் பதில் 49 மணி நேரம் எடுத்திருந்தன. ஒன்பது மணி நேரம் அதிகம். மீதி 22 மணி நேரம் மதிப்பீட்டுத் தாளில் எங்குமே இல்லாத வேலைகளுக்குப் போயிருந்தது. மின்னஞ்சல், போன், மீட்டிங் 7. திருத்தச் சுற்றுகள் 7. வராத எழுத்தையும் படங்களையும் கேட்டு வாங்கி ஒழுங்குபடுத்தியது 3. கடவுச்சொற்கள், சர்வர் அனுமதிகள் 2. அவர்கள் அலுவலகத்தில் ஒருவருக்குத் தளத்தை இயக்கக் கற்றுக்கொடுத்தது 2. வெளியிட்ட பின் வந்த சின்னச் சின்னப் பழுதுகள் 1.

இந்தத் தொழிலில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு தாள்களையும் அவரிடம் காட்டினேன். மதிப்பீட்டை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "இதில் க்ளையன்ட் எங்கேப்பா இருக்கார்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "வடிவமைப்பு நீ, பக்கம் கட்டுறது நீ, படிவம் நீ. இந்தப் பட்டியல்ல நீயும் உன் கம்ப்யூட்டரும்தான் இருக்கீங்க. வேற ஆளே இல்லையே" என்றார்.

அந்த 22 மணி நேரத்தை மறுபடி பார்த்தேன். மின்னஞ்சல், திருத்தம், எழுத்துக்குக் காத்திருப்பது, அனுமதி கேட்பது, கற்றுக்கொடுப்பது எல்லாமே மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பதால் வரும் வேலை. மணிக் கணக்கில் வேலை செய்தவரை இது என் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. அப்போதும் இந்த வேலைகள் இருந்தன, ஆனால் மாதக் கடைசியில் அவையும் இன்வாய்ஸில் கலந்து போய்விடும். யாரும் அவற்றை முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மொத்த விலை சொல்லும்போதுதான் எல்லாவற்றையும் முன்பே எண்ண வேண்டியிருக்கிறது. எண்ண உட்கார்ந்தால் நாம் தனியாகச் செய்யும் வேலை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வேலை என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. கணக்கு எழுதுவது, வரி தாக்கல் செய்வது, புது வேலை தேடுவது, கிடைக்காமல் போன வேலைகளுக்குக் கொட்டேஷன் எழுதுவது எல்லாம் தொழிலை நடத்தும் செலவு. அது மணி விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். இந்தக் க்ளையன்டுக்கு எழுதும் மின்னஞ்சல், இந்தத் தளத்துக்கான திருத்தம் ஆகியவை இந்த வேலையின் நேரம். அது மணிகளின் எண்ணிக்கையில் வர வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒன்று இருமுறை எண்ணுவோம், இல்லையென்றால் இரண்டு இடத்திலும் விட்டுவிடுவோம்.

சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்து மணி விலை கண்டுபிடித்தவர்கள் முதலில் விலையைத்தான் சரிசெய்ய வேண்டும். வாரம் 40 மணி நேரம், 52 வாரம் என்றால் வருடத்துக்கு 2080. விடுமுறை, உடம்பு சரியில்லாத நாள், மேலே சொன்ன தொழில் வேலைகள் எல்லாம் போக பில் போட முடிவது 1200 மணி நேரம்தான் என்றால், அதே வருமானத்துக்கு மணி விலை 1.73 மடங்காக வேண்டும். அதைச் செய்யாமல் மொத்த விலைக் கணக்கில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அடித்தளமே தாழ்ந்துதான் இருக்கும். என் 100 இந்தக் கணக்கைப் போட்ட பிறகு வந்தது.

சில மாதங்கள் கழித்து ஏறக்குறைய அதே அளவு வேலை ஒன்று வந்தது. எட்டுப் பக்கம், ஒரு படிவம், பழைய கட்டுரைகள் 130. இந்த முறை வேறு மாதிரி உட்கார்ந்தேன்.

முதலில் அந்த ஐந்து வரிகள். முந்தைய வேலையில் படிவத்துக்கு 6 என்று எழுதி 9 ஆனது ஏன் என்று யோசித்தேன். நான் மதிப்பிட்டது பெட்டிகளை வரைந்து, தவறாக நிரப்பினால் எச்சரித்து, விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பும் வேலையை. அது சரியாக 6 மணி நேரத்தில் முடிந்தது. பிறகு, "யாரோ பதிந்தார்களாம், எங்களுக்கு மெயிலே வரவில்லை" என்றார்கள். தேடினால் எல்லாம் ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. தளம் இருக்கும் சர்வர் அவர்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்புகிறது, ஆனால் அந்தப் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் SPF பதிவில் அந்தச் சர்வர் இல்லை. பெறும் பக்கம் சந்தேகப்படுவது நியாயம்தான். பதிவில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரியைச் சேர்க்க டொமைன் கணக்கின் கடவுச்சொல் வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. எப்போதோ வேலையை விட்டுப் போனவர் ஒருவரின் மின்னஞ்சலில் அந்தக் கணக்கு இருந்தது. நான்கு போன், இரண்டு நாள், என் நேரத்தில் மூன்று மணி. "படிவம்" என்று நான் எழுதியதற்கும் "பதிந்தவர் விவரம் எங்களுக்கு வந்து சேர வேண்டும்" என்று அவர்கள் நினைத்ததற்கும் நடுவில் இருந்தது அந்த மூன்று மணி நேரம்.

அதிலிருந்து ஒவ்வொரு வரிக்கும், க்ளையன்ட் எதைப் பார்த்தால் இது முடிந்தது என்பார் என்று கேட்டுக்கொண்டு அதுவரை உள்ள வேலையை எண்ணுகிறேன். எண்ணியதும் ஒரே எண்ணாக எழுதுவதில்லை. மூன்று எண்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கமாக, மோசமாகப் போனால். அப்புறம் இந்தச் சூத்திரம்:

```
(குறைந்தது + 4 × வழக்கமானது + அதிகபட்சம்) / 6
```

1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தை நிர்வகிக்க உருவாக்கிய பெர்ட் முறையில் வருவது இது. சின்ன வேலைக்கும் பொருந்தக் காரணம், நேரம் இரண்டு பக்கமும் ஒரே அளவு நீள்வதில்லை. 6 மணி நேர வேலை ரொம்ப நன்றாகப் போனால் 4இல் முடியும். அதற்குக் கீழே போக வழியில்லை. மோசமாகப் போனால் 15கூட ஆகும். அதனால் சராசரி எப்போதும் "வழக்கமான" எண்ணுக்கு மேலேதான் விழும். நாம் மனதில் வரும் வழக்கமான எண்ணையே விலையாகச் சொல்வதால், பத்து வேலை எடுத்தால் மொத்தத்தில் நஷ்டம் உறுதி.

படிவத்துக்கு 4, 6, 15 என்று எழுதினேன். சூத்திரம் 7.2 தந்தது. கட்டுரை மாற்றத்துக்கு 3, 4, 14, அதற்கு 5.5. வடிவமைப்பு 10, 12, 20, அது 13. பக்கங்கள் 14, 16, 24, அது 17. வெளியீடு 1, 2, 6, அது 2.5. மொத்தம் 45. உள்ளுணர்வு சொன்ன அதே 40, ஒவ்வொரு வரியையும் ஓரத்திலிருந்து பார்த்ததும் 45 ஆனது.

"மோசமாகப் போனால்" என்ற எண்ணைக் கற்பனையில் எழுதக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே எவ்வளவு மோசமாகப் போக முடியுமோ அப்படிப் போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது சராசரியாக 55.5. மிக மோசமான நிலையை யோசிக்கச் சொல்லியும் யோசித்த எண் குறைவாகத்தான் இருந்தது. அதனால் நான் அந்த மூன்றாவது எண்ணைப் பழைய குறிப்பேட்டிலிருந்து எடுக்கிறேன், இதே மாதிரி வேலை எனக்கு எப்போதாவது எடுத்த அதிகபட்ச நேரம் எது என்று பார்த்து. குறிப்பேடு இல்லாதவர்கள் இன்று செய்யும் வேலையிலிருந்து குறிக்கத் தொடங்கலாம். மூன்று நான்கு வேலைகளிலேயே நம்பும்படியான எண்கள் கிடைக்கும்.

அடுத்து, அக்கா கேட்ட கேள்வி. க்ளையன்டைத் தாளில் கொண்டுவர வேண்டும்.

இதற்குச் சுலபமான வழியாக "மேலே 40 சதவீதம் சேர்" என்பார்கள். சரிபார்க்க அது உதவும், விலை போட உதவாது. காரணம், இந்த வேலைகள் தள வேலையின் அளவோடு சேர்ந்து வளர்வதில்லை. கடவுச்சொல் வாங்குவது ஒரு பக்கத் தளத்துக்கும் இருபது பக்கத் தளத்துக்கும் ஒரே நேரம்தான். மின்னஞ்சலும் போனும் எத்தனை வாரம் வேலை இழுக்கிறது, அந்தப் பக்கம் எத்தனை பேர் முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தவை. அதனால் ஒவ்வொன்றையும் அதை வளர்க்கும் காரணத்தோடு சேர்த்து எழுதுகிறேன்.

இந்த வேலை ஆறு வாரம். அந்தப் பக்கம் ஒருவர்தான் பேசுவார், வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆகவே 6. (முந்தைய வேலையில் மூன்று பேர் தனித்தனியாக மெயில் அனுப்பினார்கள், ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். அந்த மாதிரி என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போடுவேன்.) திருத்தம் இரண்டு சுற்று, சுற்றுக்கு 3 மணி நேரம், ஆகவே 6. எழுத்தையும் படங்களையும் கேட்டு வாங்கி ஒழுங்குபடுத்த 2, அனுமதிகளுக்கு 2, கற்றுக்கொடுக்க 2, வெளியிட்ட பின் முப்பது நாள் பழுது பார்க்க 2. மொத்தம் 20. 45க்கு 20 என்பது 44 சதவீதம். முந்தைய வேலையில் 49க்கு 22 என்பது 45 சதவீதம். பக்கத்தில் இருக்கிறது, சரி என்று மேலே போனேன். 20 சதவீதம் என்று வந்திருந்தால் எதையோ மறந்திருக்கிறேன் என்று திரும்பத் தேடியிருப்பேன்.

இப்போது 65 மணி நேரம். நூறால் பெருக்கினால் 6500. இது மணிக் கணக்கில் செய்தால் எனக்குச் சராசரியாக வரக்கூடிய தொகை. மொத்த விலையில் இன்னொன்றும் கைமாறுகிறது. மணிக் கணக்கில் எதிர்பாராத தாமதத்துக்குப் பணம் கொடுப்பது க்ளையன்ட். மொத்த விலையில் அதை நான் சுமக்கிறேன், அவருக்கு நிச்சயமான எண் ஒன்று கிடைக்கிறது. அந்த நிச்சயத்துக்கு விலை உண்டு. முன்பு செய்து பழகிய வகை வேலை என்பதால் 10 சதவீதம் போட்டேன், 6.5 மணி நேரம். 71.5 ஆனது. 7200 என்று முழுமையாக்கினேன். பழகாத வகையாக இருந்தால் 25 வரை போவேன். அதற்கு மேல் போட வேண்டும் என்று தோன்றினால் எனக்கு வேலையே சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது மொத்த விலையே சொல்வதில்லை. பழைய தளத்தைத் திறந்து பார்த்து அறிக்கை கொடுக்க மட்டும் ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு சின்ன விலை சொல்லி, அதைச் செய்த பிறகு மீதிக்கு விலை சொல்வேன். யாரோ எழுதிய பழைய நிரல் உள்ளே இருக்கும் வேலைகளில் இதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

7200 என்றதும் இந்த வேலையைத் தந்த மேடம், "கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே, 6000க்கு முடியுமா?" என்று கேட்டார். முன்பென்றால் அந்த 10 சதவீதத்தில்தான் முதலில் கைவைத்திருப்பேன். அது பேரம் பேச வைத்த இடம் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. ஆனால் அதை எடுத்துவிட்டால் தாமதத்துக்கான பணம் போய்விடும், தாமதம் போகாது. அதனால் மணிகளைக் குறைக்கும் வழியைக் காட்டினேன்: "மேடம், பழைய கட்டுரைகளில் பலர் படிக்கிற 30 மட்டும் மாற்றலாம், வெளியிடும் அன்று பயிற்சி வகுப்புக்குப் பதில் எழுத்தில் குறிப்பு தரலாம். அப்படியென்றால் 6700க்கு முடியும்." அவர் ஒரு நாள் யோசித்துவிட்டு எல்லாக் கட்டுரைகளும் வேண்டும், 7200க்கே இருக்கட்டும் என்றார். அவருக்கு எதற்கு எவ்வளவு என்று தெரிந்ததும் விலை பெரிதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இத்தனை கணக்கும் ஒப்பந்தத்தில் எண்ணாக ஏறவில்லை என்றால் காற்றில் போய்விடும். ஆறு வாரம் என்று வைத்துத்தான் 6 மணி நேரம் எழுதினேன். அது பன்னிரண்டு வாரமானால் என் 6 எங்கே நிற்கும்? ஆகவே தாளில் எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டேனோ அதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதினேன். எட்டுப் பக்கங்களின் பெயர்கள், கட்டுரை 130, திருத்தம் இரண்டு சுற்று. ஒரு சுற்று என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டியிருந்தது, அதை விட்டதுதான் முதல் வேலையில் 7 மணி நேரத்தைத் தின்றது. "ஒருவர் தொகுத்து அனுப்பும் ஒரே பட்டியல் ஒரு சுற்று" என்று எழுதினேன். இல்லையென்றால் காலையில் ஒரு மெயில், மாலையில் ஒரு மெயில், எல்லாம் முதல் சுற்றிலேயே நடந்துகொண்டிருக்கும். எழுத்தும் படமும் இந்தத் தேதிக்குள் வராவிட்டால் முடியும் தேதி அதே அளவு தள்ளும், ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் மறுபடி தொடங்க 4 மணி நேரத் தொகை என்று எழுதினேன். கடைசித் தவணையை "தளம் வெளியானதும்" என்று வைக்காமல் "நான் முடித்துக் கொடுத்து பத்து நாளில்" என்று வைத்தேன். வெளியிடுவது அவர்கள் கையில் இருக்கிறது. அது மூன்று மாதம் தள்ளிப்போனால் என் பணமும் கூடவே தள்ளிப்போகும்.

பட்டியலில் இல்லாத வேலை வந்தால் தொடங்கும் முன்பே விலை சொல்ல வேண்டும். நடுவில் ஒருநாள், "பயிற்சியாளர்கள் பற்றி ஒரு பக்கம் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டார்கள். அன்றே பதில் எழுதினேன்: "சேர்க்கலாம் மேடம். அது பட்டியலில் உள்ள எட்டுக்கு வெளியே வருகிறது. 5 மணி நேரம், 500. சரி என்றால் இந்த வாரமே செய்துவிடுகிறேன்." சரி என்று ஒரு வரியில் பதில் வந்தது. செய்து முடித்த பிறகு கேட்டிருந்தால் இருவருக்குமே சங்கடம்.

வேலை நடக்கும்போது ஒரு இடத்தில் நின்று பார்க்கிறேன், மணிகளில் மூன்றில் ஒரு பங்கு போனதும். இந்த வேலையில் அது 22வது மணி நேரம். அந்த இடத்தில் வடிவமைப்பு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்க வேண்டும், எழுத்தில் பாதியாவது கைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மொத்தம் தாண்டப்போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் தேதியைப் பற்றியும் திருத்தச் சுற்றைப் பற்றியும் பேச இன்னும் இடம் இருக்கிறது, 60வது மணி நேரத்தில் இருக்காது. முதல் வேலையின் குறிப்பேட்டைத் திரும்பப் பார்த்தால், அங்கே 22வது மணி நேரத்தில் இரண்டாவது வடிவமைப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன், ஒரு பக்கத்துக்கும் எழுத்து வரவில்லை.

இரண்டாவது வேலை, சேர்த்த பக்கம் தவிர்த்து, 69 மணி நேரத்தில் முடிந்தது. 7200க்கு மணிக்கு 104. வரி வரியாகப் பார்த்தால் எண்கள் எல்லாம் பொருந்தவில்லை. படிவம் 6இலேயே முடிந்தது, டொமைன் கடவுச்சொல்லை முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தேன். திருத்தம் 6க்குப் பதில் 5 ஆனது. கட்டுரை மாற்றம்தான் 5.5க்குப் பதில் 11 எடுத்தது. பழைய கட்டுரைகளில் பாதிக்கு மேல் படங்கள் எழுத்துக்கு நடுவே பழைய தளத்தின் முழு முகவரியோடு ஒட்டியிருந்தன. பழைய தளத்தை அணைத்தால் படங்கள் எல்லாம் போய்விடும். ஒவ்வொன்றையும் இறக்கி, இடம் மாற்றி, முகவரியைத் திருத்த வேண்டியிருந்தது. கொட்டேஷன் போடும் முன் மூன்று கட்டுரைகளைத் திறந்து பார்த்தேன், அந்த மூன்றிலும் படமே இல்லை. இப்போது பழையது, புதியது, நடுவில் உள்ளது என்று குறைந்தது பத்துக் கட்டுரைகளைத் திறந்து பார்க்கிறேன். கட்டுரை மாற்றம் என்ற வரிக்கு என் தாளில் இப்போது 4, 7, 15 என்று இருக்கிறது.